புது பேனல், இரண்டாம் வருஷம், காணாமல் போன 260 யூனிட்

போன மாசம் தாம்பரத்துல இருக்கற என் பெரியப்பா போன் பண்ணாரு. குரல்லயே கோபம். "தம்பி, சோலார் போட்டு ரெண்டே வருஷம். அதுக்குள்ள பேனல் தேய்ஞ்சு போச்சுடா. வக்கீல் நோட்டீஸ் விடப்போறேன்."

மொட்டை மாடியில 540 வாட் பேனல் ஆறு, மொத்தம் 3.24 கிலோவாட். முதல் வருஷம் 4,400 யூனிட் வந்திருக்கு. ரெண்டாவது வருஷம் 4,140. கிட்டத்தட்ட 6 சதவீதம் குறைஞ்சிருக்கு. பேனல் போட்டுக் கொடுத்தவர்கிட்ட கேட்டா, "புது பேனல் முதல்ல கொஞ்சம் இறங்கும் சார், அது நார்மல்"னு சொல்லிட்டாரு.

அவர் சொன்னதுல பாதி உண்மை. இன்னைக்கு எபிசோட் அந்தப் பாதியைப் பத்திதான்.

பெரியப்பா வீட்டுல இருக்கறது மோனோ பெர்க் வகை, போரான் கலந்த சிலிக்கான். சிலிக்கானை குவார்ட்ஸ் பாத்திரத்துல உருக்கும்போது, அந்தப் பாத்திரத்துல இருந்து கொஞ்சம் ஆக்சிஜன் உள்ள கலந்துடும். அப்புறம் வெயில் பட்டதும் போரானும் ஆக்சிஜனும் ஜோடி சேர்ந்து, மின்சாரமா வெளிய வரவேண்டிய எலக்ட்ரான்களை நடுவழியில பிடிச்சு வச்சுக்கும். இதைத்தான் லைட் இண்டியூஸ்டு டிக்ரடேஷன், சுருக்கமா எல்ஐடின்னு சொல்றாங்க. ஃபேக்டரியில ஒரு ஃபிளாஷ் வெளிச்சத்துல அளந்துதான் 540 வாட்னு லேபிள் ஒட்டறாங்க. அப்போ அந்த பேனல் இன்னும் வெயிலையே பார்த்திருக்காது.

வாரண்டி தாள்லயே இது இருக்கு. பெர்க் பேனலுக்குப் பொதுவா முதல் வருஷம் 2 சதவீதம் வரை, அதுக்கப்புறம் வருஷத்துக்கு 0.55 சதவீதம். அதாவது 540 வாட் பேனல் முதல் வருஷ முடிவுல 529 வாட், 25 வருஷம் கழிச்சு சுமார் 458 வாட். இப்போ வர்ற டாப்கான் பேனல்ல போரானுக்குப் பதிலா பாஸ்பரஸ் அடிப்படை சிலிக்கான். அதனால முதல் வருஷ இறக்கம் 1 சதவீதம், அப்புறம் 0.4 சதவீதம்னு வாரண்டி கொடுக்கறாங்க.

இங்கதான் எல்லாரும் ஏமாறற இடம். எல்ஐடி வருஷம் முழுக்க நிதானமா நடக்கற விஷயம் இல்ல. வெயில் பட்ட முதல் சில நாள், சில வாரத்துலயே பெரும்பகுதி முடிஞ்சிடும். அப்படின்னா பெரியப்பாவோட முதல் வருஷ 4,400 யூனிட்லயே அந்த இறக்கம் அடங்கிடுச்சு. ரெண்டாவது வருஷக் குறைவுக்கு அதைக் காரணமா சொல்ல முடியாது. 0.55 சதவீதம்னா சுமார் 25 யூனிட். மீதி 235 யூனிட் எங்க போச்சு?

வருஷ மொத்தத்தை வச்சு இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு வருஷம் மழை மேகம் அதிகமா இருந்தாலே சில சதவீதம் ஆடும். அரை சதவீதத் தேய்மானம் அதுல மறைஞ்சே போயிடும். அதனால நான் இன்வெர்ட்டர் ஆப்பைத் திறந்து, ரெண்டு பிப்ரவரியிலயும் ஏறக்குறைய ஒரே தேதியில, மேகமே இல்லாத ஒரு நாளை எடுத்தேன். ஒரே தேதின்னா சூரியனோட கோணமும் ஒண்ணு. முதல் வருஷம் 14.6 யூனிட், அடுத்த வருஷம் 13.9.

ஆனா மதியம் 12 மணிக்கு? 2.41 கிலோவாட், 2.39 கிலோவாட். கிட்டத்தட்ட அதேதான். பேனல் தேய்ஞ்சிருந்தா காலையில இருந்து சாயங்காலம் வரை கோடு முழுக்க ஒரே விகிதத்துல கீழ இறங்கியிருக்கணும். பேனல்ல தூசி படிஞ்சிருந்தாலும் அப்படித்தான் இறங்கும், அதனால கழுவிட்டுத்தான் ஒப்பிடணும். இங்க மூணு மணிக்கு மேல மட்டும் கோடு சட்டுனு சரிஞ்சிருந்தது.

"பெரியப்பா, மேற்கால புதுசா ஏதாவது கட்டினாங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "பக்கத்து வீட்டுக்காரர் மாடியில தண்ணி டேங்க் ஏத்தி வச்சாருப்பா, போன தீபாவளி சமயம்."

ரெண்டு பேனல்மேல அந்த நிழல் விழுது. மீதிக் குறைவு மேகம் பார்த்த வேலைதான்னு நினைக்கறேன். நோட்டீஸ் நின்னுடுச்சு. அந்த ரெண்டு பேனலையும் கிழக்குப் பக்கம் நகர்த்த எவ்வளவு ஆகும்னு இப்போ பேசிட்டு இருக்காரு.

புதுசா பேனல் போட்டவங்க ஒண்ணு செய்ங்க. ஒரு மாசம் கழிச்சு, அதாவது எல்ஐடி பெரும்பாலும் முடிஞ்சதும், பேனலைக் கழுவி, மேகமில்லாத ஒரு நாளோட கோட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. அடுத்த வருஷம் அதே தேதியில அதோட ஒப்பிடுங்க. மதிய உச்சமே நாலஞ்சு சதவீதம் இறங்கியிருந்தா, அது நார்மல் இல்ல. அப்போ வாரண்டி தாளைத் தூசி தட்டி எடுங்க.