பூச்சுக்கு உள்ளே இருக்கிற வேலை

(எமது பாடசாலையின் நூற்றாண்டு நினைவுக் கட்டடத்துக்கு இறுதி மேல்தட்டுக் கொங்கிறீட் இட்டு முடிந்த அன்று, பழைய மாணவிகள் சங்கக் கட்டடக் குழுவின் சார்பில் திட்ட முகாமையாளர் ஆற்றிய உரை. பேசியபடியே தரப்படுகிறது.)



அதிபர், ஆசிரியர்கள், பழைய மாணவிகள் எல்லாரும் எங்களைப் பொறுத்துக்கொள்ளவேணும். இண்டைக்கு எங்கட முதல் வணக்கம், அந்தச் சாரத்துக்குப் பக்கத்தில சீமெந்தும் வேர்வையுமாய் நிக்கிறவைக்கு. விடிய நாலரைக்கு வேலை துவங்கி, கடைசி லொறிக் கொங்கிறீட்டையும் கொட்டி, மட்டம் பிடிச்சுப்போட்டு இப்பத்தான் இறங்கி வந்திருக்கிறியள். முன்வரிசைக் கதிரையெல்லாம் உங்களுக்குத்தான் போட்டது. வந்து இருங்கோ. உடுப்பு ஊத்தை எண்டு யோசிக்க வேண்டாம்.

அழைப்பிதழில எங்களைத் திட்ட முகாமையாளர் எண்டு போட்டிருக்கினம். உங்களுக்குத் தெரியும், நாங்கள் தொழிலால வைத்தியர். சங்கத்தின்ர காசுக்கும் கடிதத்துக்கும் ஒரு ஆள் பொறுப்பு நிக்கவேணும் எண்டதால இந்தப் பேர் எங்கட தலையில விழுந்தது. கட்டட வேலை எங்களுக்குத் தெரியாது. இந்த ஒண்டரை வருசத்தில நீங்கள் படிப்பிச்சதைத்தான் இப்ப உங்களுக்கே திருப்பிச் சொல்லப்போறம். பிழையெண்டால் அங்கயிருந்தே கையை உயர்த்துங்கோ.

இந்த இடத்தில முந்தி இருந்த மாடிக் கட்டடத்தில படிச்ச ஆக்கள் இஞ்ச கனபேர் இருக்கிறம். பாடம் நடக்கேக்க மேல்தட்டிலயிருந்து சீமெந்துப் பத்தை கழண்டு மேசையில விழும். கழண்ட இடத்தில கம்பி சிவப்பாய்த் தெரியும். கட்டடம் பழசாய்ப்போச்சு எண்டுதான் நாங்கள் நினைச்சனாங்கள். எங்கட பொறியியலாளர் முதல் நாள் வந்து பாத்துப்போட்டு, "இது வயசு இல்லை, உப்பு" எண்டு சொன்னார்.

எங்கட பள்ளிக்கூடக் கிணறு கோடையில உவரும். அதைக் குடிச்சு வளர்ந்த எங்களுக்கு அது தெரியும். அந்தக் காலத்தில அந்தத் தண்ணியிலதான் கொங்கிறீட் குழைச்சிருக்கினம். கம்பியையும் பலகையோட ஒட்ட வைச்சுக் கட்டியிருக்கினம். உப்பும் ஈரமும் கம்பிக்குக் கிட்டப் போனால் கறள் பிடிக்கும். கறள் பிடிச்ச இரும்பு முந்தி இருந்ததைவிடப் பலமடங்கு இடம் கேக்கும். உள்ளுக்க அது பெருக்கேக்க, வெளியில இருக்கிற கொங்கிறீட்டைத் தள்ளி விழுத்தும். ஆக, எங்கட மேசையில விழுந்த பத்தைக்குக் காரணம், நாங்கள் பிறக்க முதலே ஒருதரும் பாக்காத இடத்தில நடந்த வேலை.

அதால இந்தமுறை ஒரு சொட்டுக் கிணத்துத் தண்ணியும் கலவைக்குப் போகேல்ல. பரிசோதிச்ச தண்ணியை பவுசரில கொண்டுவந்தனாங்கள். கம்பி கட்டின தம்பிமார், ஒவ்வொரு கம்பிக்குக் கீழயும் சின்னச் சீமெந்துக் கட்டை வைச்சவை. மேல்தட்டுக்கு 25 மில்லிமீற்றர், தூணுக்கு 40. அந்தக் கட்டையளவுக்குக் கொங்கிறீட் கம்பியை மூடி நிண்டால்தான் உப்பும் ஈரமும் உள்ளுக்க போகக் காலம் எடுக்கும். காலமை இருட்டுக்க டோர்ச் அடிச்சுக்கொண்டு, மிதிபட்டுச் சரிஞ்ச கட்டையளைத் தேடித்தேடி ஒரு தம்பி திருப்பி வைச்சுக்கொண்டிருந்தார். அவரின்ர வேலையை இனி ஒருதரும் காணமாட்டினம். அது கொங்கிறீட்டுக்க போயிட்டுது.

இனிச் சொல்லப்போறது கொஞ்சம் வெக்கமான கதை. வெக்கம் எங்களுக்குத்தான், உங்களுக்கில்லை.

தைப்பொங்கலுக்கு முந்தின கிழமை, இரண்டாம் மாடியில வடக்குப் பக்கத்துத் தூண் ஒண்டுக்குப் பலகை கழட்டினது. தூணின்ர அடியில, முழங்கால் உயரத்துக்கு, தேன்கூடு மாதிரி ஓட்டை. சல்லி தனித்தனியாய்த் தெரியுது, இடையில சீமெந்துச் சாந்து இல்லை. அந்த நேரம் அங்க பொறியியலாளர் இல்லை, எங்கட ஆக்களும் இல்லை. பலகை கழட்டின மேசன் அண்ணை ஒரு தாச்சி சாந்து குழைச்சுப் பூசியிருந்தால் பத்து நிமிசத்தில அலுவல் முடிஞ்சிருக்கும். அதுக்கு மேல பூச்சு, பூச்சுக்கு மேல பெயின்ற். ஒருதருக்கும் தெரிஞ்சிராது. அவர் அதைத் தொடாமல் விட்டிட்டு, பொறியியலாளருக்குப் போன் எடுத்தவர்.

பொறியியலாளர் வந்து முதல் சுத்தியலால தட்டிப் பாத்தார். நல்ல இடத்தில கணீரெண்டு கேக்கும், பழுதான இடத்தில பொத்தெண்டு கேக்கும். பிறகு ஒரு மெல்லிய கட்டுக்கம்பியை எடுத்து ஓட்டையுக்க விட்டார். மேல்தோலில மட்டும் ஓட்டையெண்டால், கொத்தித் துப்புரவாக்கி, சுருங்காத சாந்தால நிரப்பலாம். ஆனால் அந்தக் கட்டுக்கம்பி, தூணின்ர பெரிய கம்பியையும் தாண்டிப் பின்னால போச்சுது. அப்பிடியெண்டால் கம்பியைக் கொங்கிறீட் பிடிச்சிருக்கேல்ல. "உடைக்கவேணும்" எண்டார்.

அப்ப கட்டடக் குழு என்ன சொன்னது தெரியுமோ? பரிசளிப்பு விழாவுக்குத் திகதி குறிச்சாச்சு, கனடாவிலயும் லண்டனிலயும் இருக்கிற பிள்ளையள் டிக்கட்டும் போட்டாச்சு, "நல்லாய்ப் பூசி விட ஏலாதோ?" எண்டு கேட்டது. கேட்டது வேற ஆருமில்லை, நாங்கள்தான். பொறியியலாளர் எங்களைப் பாத்து, "டொக்டர், உள்ளுக்க சீழை வைச்சுக்கொண்டு மேல தையல் போடுவியளோ?" எண்டு கேட்டார். அதுக்குப் பிறகு நாங்கள் வாய் திறக்கேல்ல.

நல்ல காலம், அந்தத் தூணுக்கு மேல வளையும் தட்டும் அப்ப போடேல்ல. போட்டிருந்தால் மேல நிக்கிற பாரம் முழுக்க முட்டுக் குடுத்துத் தாங்கிக்கொண்டுதான் கை வைச்சிருக்கவேணும். இரண்டு பேர் நாலு நாள், கம்பியில அடி படாமல் கையால கொத்தி அந்தத் தூணை இறக்கினவை.

ஏன் அப்பிடி வந்தது எண்டும் தேடினம். தூணின்ர அடியில கீழ்மாடிக் கம்பியும் மேல்மாடிக் கம்பியும் ஒண்டோடொண்டு சேருது. அதால அங்க கம்பி நெருக்கம். கொங்கிறீட்டை உச்சியிலயிருந்து கொட்டினபடியால சல்லி பிரிஞ்சு முதல் விழுந்திருக்கு. வைபிரேற்றர் அடிமட்டும் போகேல்ல. பலகைக்குக் கீழ இருந்த நீக்கலால சீமெந்துப் பாலும் ஒழுகிப்போச்சு. நாலு சின்னப் பிழை ஒரு இடத்தில சந்திச்சிருக்கு.

திருப்பிப் போடேக்க, அடிப்பக்கத்துக்குச் சின்னச் சல்லிக் கலவை பாவிச்சது. பலகையின்ர நடுவில ஒரு யன்னல் வெட்டி, அதுக்குள்ளால பாதி உயரம் வரைக்கும் போட்டு, பிறகு யன்னலை மூடி மேல்பாதி போட்டது. அடி நீக்கலை ஸ்பொஞ்ச் பட்டியால அடைச்சது. அதுக்குப் பிறகு வந்த தூணெல்லாம் இதே மாதிரித்தான் போட்டது. ஒண்டிலயும் தேன்கூடு வரேல்ல. பொங்கலண்டும் வந்து, அந்தத் தூணுக்குச் சுத்தின சாக்கு காயாமல் ஏழு நாளும் தண்ணி விட்ட அக்காவையும் நாங்கள் மறக்கேல்ல.

இன்னொரு விசயம். அந்த மேசன் அண்ணையின்ர சம்பளத்தில ஒரு சதமும் வெட்டப்படேல்ல எண்டதை ஒப்பந்தகாரரிட்டக் கேட்டு உறுதிப்படுத்தினனாங்கள். செலவை ஒப்பந்தகாரரே ஏற்றவர், அவருக்கும் நன்றி. இது ஏன் பெரிசெண்டு எங்கட வாட்டில நாங்கள் கண்டிருக்கிறம். பிழையைச் சொன்ன தாதிக்கு ஏச்சு விழுந்தால், அடுத்த பிழை நோயாளி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியவரும். சொன்னவருக்குத் தண்டனை இல்லை எண்டு தெரிஞ்சபடியாலதான், பிறகு இரண்டு தரம் நீங்களாய் வந்து, "இதை ஒருக்காப் பாருங்கோ" எண்டனீங்கள். அந்த இரண்டும் மேல்தோல்தான். ஆனால் காட்டினனீங்கள்.

இண்டைக்கு வேலை முடிஞ்சுது எண்டு எங்கட ஆக்கள் படம் எடுக்கினம். முடியேல்ல. மேல போட்ட கொங்கிறீட்டிலயிருந்து எடுத்து நிரப்பின கியூப் அச்சு ஆறும் அங்க ஈரமாய் இருக்கு. ஏழாம் நாள் கொஞ்சத்தை நசுக்கிப் பாப்பினம். அப்ப ஏறக்குறைய மூண்டில இரண்டு பங்கு பலம் வந்திருக்கவேணும். 28 ஆம் நாள்தான் முழுத் தீர்ப்பு. அதுமட்டும் எங்கட நன்றியில ஒரு பங்கு கடனாய் இருக்கு. நாளைக்கு மேல வரம்பு கட்டித் தண்ணி தேக்குவினம். கீழ நிக்கிற முட்டுகள், பொறியியலாளர் சொல்லுற நாள் வரைக்கும் அப்பிடியே நிக்கும். மண்டபம் வடிவாய்த் தெரியவேணும், படம் எடுக்கவேணும், முட்டைக் கழட்டுங்கோ எண்டு எங்கட குழுவில ஆரும் வந்து கேட்டால் திருப்பி அனுப்புங்கோ. அது நாங்களாய் இருந்தாலும் அனுப்புங்கோ. வெளிநாட்டில இருக்கிற எங்கட பிள்ளையளுக்கும் ஒரு சொல்லு: திறப்பு விழாத் திகதி தள்ளிப்போனால் கோவிக்காதேங்கோ. அந்த நாளை நாங்கள் முடிவெடுக்கேல்ல, கொங்கிறீட் முடிவெடுக்கும்.

கிளிநொச்சியிலயிருந்தும் மட்டக்களப்பிலயிருந்தும் மலையகத்திலயிருந்தும் வந்து, தகரக் கொட்டிலில படுத்து இந்தக் கட்டடத்தைக் கட்டினனீங்கள். தெற்கிலயிருந்து வந்த பாஸ்மாருக்கு, பொஹோம ஸ்தூதியி. வரைபடம் கீறின பொறியியலாளர்களுக்கும், ஒவ்வொரு லொறியையும் மறிச்சுச் சோதிச்ச தொழில்நுட்ப உத்தியோகத்தர் தங்கச்சிக்கும் நன்றி.

கடைசியாய் ஒண்டு. வாசலில வைக்கிற கல்லில காசு தந்தவையின்ர பேர் வரும் எண்டு முதல் தீர்மானிச்சிருந்தம். போன கிழமை குழு கூடி அதை மாத்தினது. வேலை செய்த 43 பேரின்ர பேரும் அதில வரும், அந்தத் தண்ணி விட்ட அக்காவின்ர பேரோட சேர்த்து. வெளியில போகேக்க மேசையில ஒரு தாள் இருக்கு. உங்கட பேரை எப்பிடி எழுதவேணுமோ அப்பிடியே நீங்களே எழுதித் தாங்கோ. கல்லில வெட்டினால் பிறகு பூசி மறைக்க ஏலாது.

சரி, சாப்பாடு ஆறுது. முதல் பந்தி உங்களுக்கு. பரிமாறுறது நாங்கள்.