பதினெட்டு நிமிசப் பேச்சை நாலு நிமிசமாக்கிய கதை
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



நம்ம ஊருக்குப் பகுதிநேர ரேஷன் கடை கேட்டு கிராம சபையில் பேச முடிவு செய்தோம். எழுதியதைக் கடிகாரம் வைத்து வாசித்தால் பதினெட்டு நிமிசம் வந்தது. தலைவரோ "ஒரு குழுவுக்கு அஞ்சு நிமிசம்தான்" என்று சொல்லிவிட்டார்.

முதலில் தப்பான வழியில் போனோம். எல்லாவற்றிலும் ரெண்டு ரெண்டு வரி எடுத்தோம், வேகமாகவும் வாசித்தோம். அப்படியும் பதினொரு நிமிசம். பக்கத்துக் குழு அக்காவை உட்கார வைத்துப் பேசிக் காட்டிவிட்டு, "நாங்க என்னக்கா கேட்கிறோம்?" என்றோம். "ரோடு சரியில்லைன்னு சொல்றீங்க" என்றார். அப்போதுதான் உறைத்தது. குறைத்தோமே தவிர, கேட்க வந்தது வெளியே தெரியவில்லை.

பிறகு நோட்டை மூடிவிட்டு ஒரே ஒரு வரி எழுதினோம்: "180 கார்டு உள்ள எங்கள் ஊருக்கு வாரம் ரெண்டு நாள் ரேஷன் கடை வேண்டும், மூணு கிலோமீட்டர் நடப்பதால் கூலி போகிறது." பழைய பேச்சின் ஒவ்வொரு விஷயத்தையும் தனித்தனித் துண்டுச் சீட்டில் எழுதி, "இந்தச் சீட்டை எடுத்துவிட்டால் அந்த வரி நிற்குமா?" என்று கேட்டோம். குழு ஆரம்பித்த கதையை எடுத்தோம், வரி நின்றது. சேமிப்புக் கணக்கு, நன்றி, ரோடு, எல்லாவற்றையும் எடுத்தோம். அப்பவும் நின்றது.

ஒரு சீட்டில் மட்டும் சண்டை வந்தது. உறுப்பினர் ஒருவர் பாமாயில் வாங்கப் போய், "இன்னும் வரலை" என்று திரும்பி, மறுநாளும் போனார். ஒரு பாக்கெட்டுக்கு ரெண்டு நாள் கூலி போச்சு. "கதைதானே, எடுத்துடலாம்" என்றார்கள் சிலர். எடுத்துப் பார்த்தால், "கூலி போகிறது" என்பது வெறும் வார்த்தையாகிவிட்டது. அதனால் அதை வைத்துக்கொண்டு, இதே மாதிரி இருந்த மற்ற நாலு கதைகளையும் எடுத்தோம்.

மிஞ்சியது இதுதான். கோரிக்கை அரை நிமிசம், கார்டும் தூரமும் ஒரு நிமிசம், பாமாயில் கதை ஒன்றரை நிமிசம், கடை வைக்கக் காலியாக இருக்கும் கட்டடம் அரை நிமிசம், திரும்பவும் கோரிக்கை அரை நிமிசம். மொத்தம் நாலு. மிச்சம் ஒரு நிமிசம், மைக்கைப் பிடிப்பதற்கும் தடுமாறுவதற்கும். கோரிக்கையை முதலிலேயே வைத்தது, நடுவில் நிறுத்தச் சொன்னாலும் கேட்டது கேட்டதாக இருக்கட்டும் என்றுதான்.

எடுத்த சீட்டுகளை வீணாக்கவில்லை. கார்டு விவரம், கையெழுத்து எல்லாம் மனுவோடு சேர்த்துக் கொடுத்தோம். ரோட்டைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஒருவர் தயாராக இருந்தார். ஆனால் இப்படி எடுக்கும்போது ஒன்றைக் கவனிக்கணும். நமக்குப் பாதகமான உண்மையை எடுத்துவிடக் கூடாது. அந்தக் கட்டடத்துக்குக் கூரை ஒழுகும். அதையும் சொன்னோம். மறைத்திருந்தால் முதல் கேள்வியே அதுவாகத்தான் வந்திருக்கும்.

அன்று தீர்மானம் நிறைவேறியது. கடை இன்னும் வரவில்லை, மனுவோடு அலைகிறோம். இப்போது எந்த அலுவலகத்தில் கேட்டாலும், எங்களில் யாராக இருந்தாலும் அந்த ஒரு வரியைத்தான் முதலில் சொல்கிறோம்.