உடற்றொழிலியலும் மறதியும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



பல்கலைக்கழகத்திலே உடற்றொழிலியல் கற்கும் மாணாக்கர் சிலர் சென்ற தவணையில் கைக்கொண்ட ஒரு படிப்பு முறையைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தார். பதினைந்து வாரத் தவணை. வாரம் இரண்டு அத்தியாயங்கள். அவற்றுடன் உடலமைப்பியலும் உயிரிரசாயனமும் செய்முறை வகுப்புக்களும் வேறு. இரண்டாம் வாரத்திற் கற்ற சிறுநீரகம் பதினாறாம் வாரப் பரீட்சை மண்டபத்தில் நினைவில் நிற்பது எப்படி என்பதே எமக்கு எழுந்த கேள்வி. தவறினவர்கள் அடுத்த அணியினருடன் மறுபடி உட்காரவேண்டும். அவ்வாறு மறுபடி உட்கார்ந்த நண்பர் ஒருவரும் எம்முடன் இருந்தார். ஆதலின் இது எமக்கு வெறும் ஆராய்ச்சியாக இருக்கவில்லை.

மாணாக்கரிற் பெரும்பாலார் செய்வது திரும்பத் திரும்ப வாசித்தலும், மஞ்சள் மையால் வரிகளின்மேற் கோடிழுத்தலுமேயாகும். மூன்றாம் முறை வாசிக்கும்போது வரிகள் யாவும் பழகிய முகங்களாய்த் தோன்றும். பழகிய முகத்தைக் கண்டு தெரிந்துகொள்ளுதல் வேறு. முகத்தைக் காணாமலே அதனை வரைந்து காட்டுதல் வேறு. பரீட்சை கேட்பது பின்னதையே. 2006 ஆம் ஆண்டில் றோடிகர், கார்ப்பிக்கே என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் இதனைச் சோதித்தார்கள். ஒரு பகுதியார் உரைப்பகுதி ஒன்றை இருமுறை வாசித்தனர். மற்றப் பகுதியார் ஒருமுறை வாசித்து, பின்னர் அதனைப் பாராமல் எழுதினர். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது வாசித்தவர்களே முந்தினர். ஒரு வாரத்தின் பின்னரோ வாசித்தவர்கள் 42 வீதமும், எழுதியவர்கள் 56 வீதமும் நினைவுகூர்ந்தனர். அவர்கள் கொடுத்தவை சிறிய உரைப்பகுதிகளே. சிறுநீரக அத்தியாயம் அன்று. ஆயினும் ஐந்து நிமிடத்தில் வென்றது ஒரு வாரத்தில் தோற்றது என்பதை மனத்திற் கொள்ளுங்கள். பரீட்சைக்கு முந்திய இரவு வாசிப்பு ஏன் பயன் தருவதுபோலத் தோன்றுகிறது என்பதற்கும் அதுவே விடை.

பாராமல் மனத்திலிருந்து எடுப்பதை நாம் நினைந்தெடுத்தல் என்போம். அதனை நாள்களை இடைவிட்டுச் செய்வதை இடைவிட்ட மீட்டல் என்போம். திண்ணைப் பள்ளியில் ஒப்புவித்த நம் முன்னோருக்கு இது புதிதோ என்று பெரியவர் ஒருவர் கேட்கக்கூடும். ஒரு வேற்றுமை உண்டு. ஒப்புவித்தல் சொற்களை வரிசை பிறழாமற் சொல்வது. உடற்றொழிலியலில் வேண்டப்படுவது, ஒன்று மாறினால் அதனைத் தொடர்ந்து எது எப்பக்கம் மாறும் என்பதாகும். சொற்கள் சரியாயிருந்தும் அம்புக்குறி தலைகீழாய் இருக்கலாம். அந்தப் பிழையை ஒப்புவித்தல் காட்டிக் கொடாது.

ஓர் அத்தியாயத்தை எடுத்துக் காட்டுவோம். கலன்கோளத்தில் குருதி வடிகட்டப்படுதல் என்பது பொருள். விரிவுரை நடந்த அன்று மாலை அதனை ஒருமுறை விளங்கி வாசித்தோம். விளங்காததை நினைந்தெடுக்க முயல்வது வீண். ஆகவே இந்த வாசிப்பில் அவசரம் கூடாது. பின்னர்ப் புத்தகத்தை மூடி, சி.ஆர். கொப்பியின் வெறும் பக்கம் ஒன்றிற் பதினைந்து நிமிடம் எழுதினோம். முதலிற் படம்: குருதியைக் கொண்டுவரும் உட்காவு புன்னாடி, நடுவே கலன்கோளம், குருதியைக் கொண்டுசெல்லும் வெளிக்காவு புன்னாடி. அடுத்து அமுக்கங்கள். கைற்றனின் பாடநூல் தரும் கணக்கின்படி குருதி வெளியே தள்ளும் அமுக்கம் 60 மில்லிமீற்றர் இரசம். அதனை எதிர்த்துப் போமனின் உறையிலிருந்து 18. குருதிப் புரதங்கள் நீரைத் தம்பால் இழுத்து வைப்பது 32. மிஞ்சுவது 10. அந்தப் பத்தே நிமிடத்திற்கு ஏறத்தாழ 125 மில்லிலீற்றர், நாளுக்கு 180 லீற்றர் வடியச் செய்கிறது. எழுதி முடிந்தபின் புத்தகத்தைத் திறந்து, விடுபட்டதையும் பிழைத்ததையும் சிவப்பு மையாற் குறித்தோம்.

அந்தச் சிவப்புக் குறிகளே மறுநாளைக்குரிய கேள்விகள். இதனை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். அத்தியாயம் முழுவதையும் நூறு கேள்வியாக்கிச் சிறு அட்டைகளில் எழுதியவர்களையும், கைபேசியில் அன்கி என்னும் செயலியில் ஆயிரம் அட்டை நிரப்பியவர்களையும் கண்டோம். ஆறாம் வாரத்தில் அவர்களுடைய நிலுவை மலைபோலக் குவிந்தது; ஏழாம் வாரத்திற் கைவிட்டார்கள். எமக்கு ஓர் அத்தியாயத்துக்குப் பன்னிரண்டு கேள்விகள் போதுமாயிருந்தன. அவற்றிலும் “கலன்கோளம் என்றால் என்ன?” என்பது போன்றவை அரிதே.

கேள்வியின் வடிவத்தை இந்த அத்தியாயத்திலேயே காண்போம். “உட்காவு புன்னாடி சுருங்கினால் குருதி ஓட்டமும் வடிகட்டலும் என்னாகும்? வெளிக்காவு புன்னாடி சுருங்கினால்?” நான்கு அம்புக்குறிகள் விடையாக வேண்டும். முன்வாயில் ஒடுங்கினால் ஓட்டமும் குறையும், உள்ளே அமுக்கமும் குறையும், ஆகவே வடிகட்டலும் குறையும். பின்வாயில் ஒடுங்கினால் ஓட்டம் குறையும், ஆனால் தேங்கிய குருதியின் அமுக்கம் உயரும், வடிகட்டல் கூடும். இவ்வளவும் மறுநாள் எம்முள் எல்லாரும் எழுதிவிட்டார்கள்.

ஒரு வாரத்தின் பின் அதே கேள்வியைச் சற்று முறுக்கினோம்: “வெளிக்காவு புன்னாடி மிகக் கடுமையாகச் சுருங்கினால்?” முன்னைய விடையைச் சூத்திரமாக வைத்திருந்தவர் “இன்னும் கூடும்” என்றார். அது பிழை. ஓட்டம் மிகவும் மந்தமாகும்போது ஒவ்வொரு துளியிலிருந்தும் பெரும்பங்கு நீர் வடிந்துபோகிறது. எஞ்சிய குருதியில் புரதம் செறிகிறது. புரதம் நீரை இழுத்து வைக்கும் அமுக்கம் உயர்கிறது. வடிகட்டல் குறையத் தொடங்குகிறது. மேலே சொன்ன 32 என்பதும் ஒரு சராசரியே. கலன்கோளத்தின் தொடக்கத்தில் 28 ஆகவும் முடிவில் 36 ஆகவும் இருக்கிறது. எண்ணை மட்டும் மனனஞ் செய்தவருக்கு இந்த விடை கிட்டாது. எண் ஏன் மாறுகிறது என்று அறிந்தவர் சற்றே திணறியாவது வந்து சேர்வார். அந்தத் திணறல் நல்லது; எளிதாய் வந்த விடையிலும் முயன்று எடுத்த விடை நெடுநாள் நிற்கும்.

மூன்று வாரத்தின் பின் நோயாளி ஒருவரைக் கொண்டுவந்தோம். இரு சிறுநீரக நாடிகளும் ஒடுங்கியவர். குருதியமுக்கத்துக்காக ஆஞ்சியோதென்சின் உருவாதலைத் தடுக்கும் மருந்து கொடுக்கப்பட்டது. சில நாளில் அவர் குருதியிலே கிரியற்றினின் உயர்ந்தது. ஏன்? முன்பக்கம் ஒடுங்கியிருப்பதால், ஆஞ்சியோதென்சின் வெளிக்காவு புன்னாடியை இறுக்கிப் பிடித்தே உள்ளமுக்கத்தைக் காத்துவந்தது. மருந்து அந்தப் பிடியைத் தளர்த்தவே அமுக்கம் சரிந்தது, வடிகட்டல் குறைந்தது. எம்முடனிருந்த நண்பர் முந்திய தவணையில் இந்த மருந்தைக் குறிப்பேட்டில் ஒரு வரியாக எழுதி வைத்திருந்தாராம். இம்முறை வரியை நினையாமல் படத்தை வரைந்தே விடைக்கு வந்தார். ஏழாம் வாரத்தில் குருதிச் சுற்றோட்ட அத்தியாயத்தையும் இதையும் கலந்து, குருதி பெருகி இழந்த ஒருவரின் உடலில் நடப்பதைத் தொடக்கத்திலிருந்து எழுதச் சொன்னோம். இவ்வாறு இடைவெளி நீளும்போது கேள்வியும் வளர வேண்டும். ஒரே கேள்வியை ஒரே சொற்களிற் கேட்டால், மூளை பொருளை விட்டுக் கேள்வியின் சாயலை அடையாளங் கண்டுவிடும். கேள்வியைப் பாதி வாசிக்கும்போதே விடை நாவில் வந்துவிடுகிறதா? அப்பொழுது கேள்வியை மாற்றுங்கள்.

இனி நேரக் கணக்கு. மறுநாள், ஒரு வாரம், மூன்று வாரம், ஏழு வாரம் என்று அத்தியாயத்துக்கு நான்கு மீட்டல். ஒன்பதாம் வாரத்தை எடுத்தால், அந்த வாரத்து இரண்டு அத்தியாயங்களுடன் எட்டாம், ஆறாம், இரண்டாம் வாரங்களின் இரண்டிரண்டும் சேர்ந்து எட்டு அமர்வுகள். புதியவற்றுக்கு அரை மணி, பழையவற்றுக்குக் கால் மணி என்று வைத்தால் மொத்தம் இரண்டரை மணி நேரம். இதற்கு மேலதிக நேரம் தேடவில்லை. மறுவாசிப்புக்குச் செலவான நேரத்தையே எடுத்தோம். இந்நாள்கள் வேதவாக்கல்ல. ஒரு நாள் முன்பின்னானால் ஒன்றுங் கெடாது. இடைவெளிகள் வளர்ந்துகொண்டு போவதே வேண்டியது.

உடலமைப்பியற் பரீட்சை வந்த வாரத்தில் மூன்று அமர்வுகள் தவறின. அவ்வேளையிற் பழையதை முதலிற் பிடிக்கத் தோன்றும். மாறாக, மிக அண்மையிற் கற்றதையே முதலில் மீட்க வேண்டும். ஒருமுறையே எழுதப்பட்டது விரைந்து தேயும், மூன்றுமுறை எழுதப்பட்டது சில நாள் பொறுக்கும். தவணையின் கடைசி அத்தியாயங்களின் நிலைமை வேறு. பதினான்காம் வாரத்திற் கற்றதற்கு மூன்று வார இடைவெளி வைக்க நாளில்லை. அவற்றை மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று நெருக்கினோம். அவை பரீட்சைக்குப் போதும். அடுத்த தவணை வரை நிற்குமென்று எதிர்பார்க்க வேண்டாம்.

மொழியைப் பற்றி ஒரு சொல். உயர்தரம் வரை தமிழிற் கற்று, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் விடையெழுத வேண்டியவர்கள் நம்மிற் பலர். காரணத் தொடரை முதலில் தமிழிற் சொல்லிப் பார்த்தவர்கள், அது எங்கே அறுகிறது என்பதை உடனே கண்டார்கள். ஆங்கில வாக்கியம் வழுவழுப்பாக ஓடி அறுந்த இடத்தை மூடிவிடுகிறது. ஆனால் மூன்றாம் மீட்டலிலிருந்தேனும் பரீட்சை மொழியில் எழுதுதல் வேண்டும். அன்றேல் கருத்திருந்தும் கலைச்சொல் கைக்கு வராது.

நுணுக்குக்காட்டியின் கீழ் இழையத்தைக் கண்டறிதலும், குருதியமுக்கம் அளக்கும் கைப்பழக்கமும் இம்முறைக்குள் அடங்கா. அவற்றுக்கு வெறுந்தாளிற் பயனில்லை; செய்முறைக் கூடத்துக்கே போக வேண்டும். வெறும் பக்கத்தின் முன் அமர்ந்தவுடன் மனமும் வெறுமையாகி ஓர் எழுத்தும் ஓடாவிட்டால் என்ன செய்வதென்று சென்ற கிழமை இளைய மாணவர் ஒருவர் கேட்டார். படத்தின் முதற் கோட்டை மட்டும் புத்தகத்திற் பார்த்துக்கொண்டு மறுபடி மூடுங்கள் என்றோம். இரண்டு புன்னாடிகளையும் வரைந்துவிட்டால் பெரும்பாலும் மற்றவை தொடர்ந்து வரும்.

ஐயங்கள் இருப்பின் கூட்ட முடிவிற் கேட்கலாம்.