தாம்பூலம் மாற்றுமுன் கடனைப் பேசுங்கள்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரு வீட்டில் பெண் பார்க்கப் போகிறவர்கள் எத்தனையோ விஷயங்களை விசாரிக்கிறார்கள். ஜாதகம் பார்க்கிறார்கள். நிலம் எத்தனை ஏக்கர், கிணற்றில் நீர் உண்டா, பையன் படித்தது என்ன என்று கேட்கிறார்கள். ஆனால் அந்த நிலத்தின்மேல் எவ்வளவு கடன் நிற்கிறது, என்ன வட்டிக்கு நிற்கிறது என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்று ஒரு சாரார் நினைக்கிறார்கள். சொன்னால் சம்பந்தம் தட்டிப் போய்விடும் என்று மறு சாரார் அஞ்சுகிறார்கள். மணமகள் அந்த வீட்டுக் கடனைத் தெரிந்துகொள்வது, வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்கும் நாளில்தான்.

இப்பேச்சுக்கு உரிய காலம் ஒன்று உண்டு. இரு வீட்டாருக்கும் மனம் பொருந்திய பின்பு, ஆனால் தாம்பூலம் மாற்றுவதற்கு முன்பு. தாம்பூலம் மாற்றிவிட்டால் மண்டபத்துக்கு முன்பணம் போய்விடும், நகைக்குச் சொல்லியாகிவிடும், ஊருக்கும் உறவுக்கும் செய்தி பரவிவிடும். அதன் பிறகு உண்மை தெரிந்தாலும் பின்வாங்க இயலாது. செலவைக் குறைக்கவும் இயலாது.

ஓர் உதாரணத்தைக் கொண்டு இதை விளக்குகிறேன். ஒரு விவசாயக் குடும்பம். மூன்று ஏக்கர் நஞ்சை, இரண்டு கறவை மாடுகள். சாகுபடிச் செலவு போக நிலத்திலும் பாலிலுமாக மாதம் சராசரி 20,000 ரூபாய் மிஞ்சுகிறது என்று கொள்வோம். தகப்பனார் ஆழ்குழாய்க் கிணறு போடுவதற்காகப் புரோநோட்டு எழுதி 1,50,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். வட்டி, நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். பையன் ஒரு சீட்டு எடுத்துவிட்டான். இன்னும் பன்னிரண்டு மாதம், மாதத்துக்கு 5,000 ரூபாய் கட்ட வேண்டும். இவற்றோடு, அத்தை மகன் வாங்கிய ஒரு லட்ச ரூபாய்க் கடனுக்குப் பையன் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

“மூன்று வட்டி” என்று சொல்லும்போது அது சிறு தொகையாகக் காதில் விழுகிறது. ஆண்டுக்கு அது நூற்றுக்கு முப்பத்தாறு. ஒன்றரை லட்சத்துக்கு மாதம் 4,500 ரூபாய். ஆண்டுக்கு 54,000 ரூபாய். மூன்று ஆண்டுகளில் 1,62,000 ரூபாய் வட்டி கட்டிய பின்பும், வாங்கிய ஒன்றரை லட்சம் அப்படியே நிற்கும். வட்டியும் சீட்டுமாக மாதம் 9,500 ரூபாய் போய்விட, குடும்பத்தின் கையில் நிற்பது 10,500 ரூபாய்தான்.

பெண் வீட்டு நிலையையும் பார்ப்போம். பெண்ணின் தகப்பனாரிடம் மூன்று லட்ச ரூபாய் சேமிப்பு இருக்கிறது. பெரிய மண்டபம், இரண்டு வேளை விருந்து என்று ஆறு லட்ச ரூபாய்க்குத் திட்டமிட்டு, எஞ்சிய மூன்று லட்சத்தை இரண்டு வட்டிக்கு வாங்க எண்ணுகிறார். அவ்வட்டி மாதம் 6,000 ரூபாய். மாப்பிள்ளை வீட்டார் எதிர்பார்ப்பார்கள் என்பதுதான் அவர் கருத்து. மாப்பிள்ளை வீட்டாரோ, பெண் வீட்டார் தங்களைக் குறைவாக எண்ணிவிடக் கூடாதென்று தங்கள் கடனை மறைக்கிறார்கள். தாயாரிடம் சொந்த நகை இருக்கிறது. அதை அடகு வைத்தால் மூன்று வட்டிக் கடனைத் தீர்த்துவிடலாம். ஆனால் மகன் கல்யாணத்தில் வெறுங்கழுத்தோடு நிற்பதா என்று அவர் தயங்குகிறார். ஆக, இரு வீட்டாரும் ஒருவர்முன் ஒருவர் கௌரவம் காப்பதற்காகவே வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கட்டை அவிழ்ப்பது எவ்வாறு? முதலில் பேசுகிறவர் தம் வீட்டுக் கடனை முதலில் சொல்ல வேண்டும். “உங்களுக்கு எவ்வளவு கடன்?” என்று தொடங்கினால் அது விசாரணையாகிவிடும். பையனின் தகப்பனார் இவ்வாறு தொடங்கலாம்: “சம்பந்தி, தாம்பூலம் மாற்றுமுன் எங்கள் வீட்டு நிலையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கிணற்றுக்காக ஒன்றரை லட்சம் மூன்று வட்டிக்கு நிற்கிறது. பையன் சீட்டு ஒன்று கட்டி வருகிறான். ஜாமீன் ஒன்றும் போட்டிருக்கிறான். நீங்கள் வீட்டில் கலந்துகொண்டு சொல்லுங்கள்.” இதைக் கேட்ட பெண்ணின் தகப்பனார், தாம் மூன்று லட்சம் கடன் வாங்கப் போவதை மறைக்க மாட்டார். “அப்படியானால் இந்த மண்டபம் யாருக்காக?” என்ற கேள்வி தானாகவே எழும்.

நம் உதாரணத்தில் அவர்கள் செய்யக்கூடியது இதுதான். கோயிலில் திருமணம், ஒரு வேளை விருந்து என்று வைத்து, செலவைச் சேமிப்புக்குள் அடக்குவது. பெண் வீட்டாருக்குப் புதுக் கடன் இல்லை. பையனின் தாயார் தம் நகையைக் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ அடகு வைத்து, மூன்று வட்டிக் கடனை முழுதும் தீர்த்துப் புரோநோட்டைத் திரும்பப் பெறுவது. நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்பது என்று வைத்துக்கொள்வோம். முன்பு வட்டிக்காரருக்குக் கொடுத்த 54,000 ரூபாயையே ஆண்டுதோறும் இங்கே கட்டினால், முதலாண்டு வட்டி 13,500 போக, 40,500 ரூபாய் முதலில் கழியும். மூன்றாம் ஆண்டின் முடிவில் பாக்கி ஏறத்தாழ 17,000 ரூபாய்தான். நான்காம் ஆண்டில் நகை வீடு வந்து சேரும். ஆனால் நகைக்கடனுக்குத் தவணை உண்டு. உரிய நாளில் கட்டாமலும் புதுப்பிக்காமலும் விட்டால், அறிவிப்புக்குப் பின் நகை ஏலத்துக்குப் போகும். ஆகவே அறுவடைப் பணம் கைக்கு வரும் மாதத்தை அனுசரித்துத் தவணை நாள் அமைவது நலம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடனைச் சொல்வது வேறு, “எங்கள் கடனை நீங்கள் தீர்த்துக் கொடுங்கள்” என்று திருமணத்துக்கு நிபந்தனை வைப்பது வேறு. பின்னது வரதட்சிணை. 1961-ஆம் ஆண்டின் வரதட்சிணைத் தடைச் சட்டப்படி அதைக் கேட்பதும், கொடுப்பதும், வாங்குவதும் குற்றமாகும். நம் உதாரணத்தில் அடகு போவது பையனின் தாயாருடைய நகை என்பதைக் கவனியுங்கள். மணமகளின் நகை மணமகளின் உடைமை. அதைக் கணக்கில் சேர்த்துத் திட்டமிட யாருக்கும் உரிமையில்லை.

அடுத்து, ஜாமீன் கையெழுத்து. கைப்பணம் ஏதும் போகாததால், “அது என் கடனல்லவே” என்று பலர் இதைச் சொல்வதே இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, வேறு விதமாக எழுதிக்கொண்டாலன்றி, கடன் வாங்கியவருடைய பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. எனவே அந்த ஒரு லட்சத்தையும் கணக்கில் எழுதி, அத்தை மகன் தவணை தவறாமல் கட்டுகிறானா என்று ரசீதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கல்யாணத்தில் இத்தனை ஆயிரம் மொய் வரும், அதைக் கொண்டு கடனைத் தீர்த்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. மொய் திருப்பிச் செய்ய வேண்டிய பணம். பழைய மொய் நோட்டைப் பிரித்து, யார் யாருக்கு நாம் இன்னும் செய்ய வேண்டும் என்பதையும் பாக்கியாகவே எழுத வேண்டும்.

சொன்னது உண்மைதானா என்று பார்க்க வழிகள் உண்டு. அவற்றின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பெறும் வில்லங்கச் சான்று, நிலத்தின்மேல் பதிவான அடமானத்தைக் காட்டும். புரோநோட்டுக் கடனைக் காட்டாது. வங்கிக் கடன், குழுக் கடன், வாகனத் தவணை ஆகியவை கடன் தகவல் நிறுவனங்களின் அறிக்கையில் தெரியும். சிபில் முதலான அந்நிறுவனங்கள் ஒவ்வொன்றிடமிருந்தும் ஒருவர் தம் அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகப் பெறலாம். ஆனால் வட்டிக்காரர் கடனும் ஊர்ச் சீட்டும் அதிலே வாரா. இவற்றுக்கு அத்தாட்சி, அவரவர் வாய்ச்சொல் ஒன்றே. தொகையைச் சொல்லி வட்டியைச் சொல்லாமல் விடுவது, “அதெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று பேச்சை மாற்றுவது, பத்திரம் எங்கே என்றால் ஆளுக்கொரு பதில் சொல்வது ஆகியவை, இன்னும் ஏதோ மறைந்திருக்கிறது என்பதற்கு அடையாளங்கள்.

பெரியோர்கள் பேசி முடித்த பின்பு, பையனும் பெண்ணும் தனியே பேச வேண்டியதும் உண்டு. பெரியோர்கள் பேசுவது பழைய கடனை. இவர்கள் பேச வேண்டியது இனிச் செய்யப் போகும் செலவை. நம் உதாரணப் பெண் நூற்பாலையில் மாதம் 12,000 ரூபாய் சம்பாதிக்கிறாள். தம்பியின் படிப்பு முடியும் வரை, இரண்டு ஆண்டு காலம், தாய்வீட்டுக்கு மாதம் 3,000 ரூபாய் அனுப்ப அவள் எண்ணியிருக்கிறாள். இதை இன்றே சொன்னால் அது ஒப்புக்கொண்ட செலவு. திருமணத்துக்குப் பின் தெரிந்தால் ஒளித்துச் செய்த செலவு. அதே போல, எந்தத் தொகைக்கு மேற்பட்ட செலவை இருவரும் கலந்தே செய்வது, உறவினருக்கு ஜாமீன் போடுமுன் ஒருவரையொருவர் கேட்பதா என்பவற்றையும் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பையனுக்கு இதில் உடன்பாடு இல்லையென்றால், அதையும் அன்றே சொல்லிவிடுவது நேர்மை.

ஊராட்சி உறுப்பினர்களே! பல நிச்சயதார்த்தங்களில் நீங்கள் முன்னின்று தாம்பூலத் தட்டை எடுத்துக் கொடுக்கிறீர்கள். அதற்குச் சில தினங்கள் முன்னதாக, இரு வீட்டுப் பெரியவர்களிடமும் தனித்தனியே ஒரு தாளைக் கொடுத்து ஐந்து விஷயங்களை எழுதச் சொல்லுங்கள்: யாரிடம் கடன், எவ்வளவு, என்ன வட்டி, எது அடகில் இருக்கிறது, யாருக்கு ஜாமீன். அத்தாளை நீங்கள் படிக்க வேண்டியதில்லை. ஊரில் எவருக்கும் தெரிய வேண்டியதில்லை. இரு வீட்டாரும் ஒருவர் தாளை ஒருவர் படித்தால் போதும். படித்த பின்பு ஒரு சம்பந்தம் நின்றுபோனால், அந்த வருத்தம் சில நாளில் ஆறும். படிக்காமல் நடந்த கல்யாணத்தின் வட்டியோ மாதந்தோறும் வந்துகொண்டே இருக்கும்.