ஒரே ஒரு ஓவர்தானேடா!

இன்னைக்கு எபிசோட் ஒரு மன்னிப்புல ஆரம்பிக்குது. போன வருஷம் எங்க அபார்ட்மென்ட் கிரிக்கெட் லீக்ல, ஃபைனலுக்கு ஒரு பௌலரை உட்கார வெச்சோம். அதுக்குக் காரணம் நான் போட்ட ஒரு கணக்கு. அந்தக் கணக்கு தப்பு.

கதை இதுதான். 20 ஓவர் மேட்ச். டீம்ல ஒரு பேசர், ஒரு ஸ்பின்னர். ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் இடம். வாட்ஸ்அப் குரூப்ல மூணு மேட்சோட ஸ்கோர்கார்டு படம் இருந்துச்சு. "நீதான் சாஃப்ட்வேர் ஆளாச்சே, பார்த்துச் சொல்லு"ன்னு கேப்டன் என் தலையில கட்டிட்டார்.

படத்துல இருந்தது இவ்வளவுதான்.

பேசர்: 4 ஓவர் 24 ரன், எகானமி 6. அடுத்த மேட்சுக்கு லேட்டா வந்ததால கடைசி ஓவர் மட்டும் போட்டான்: 1 ஓவர் 15 ரன், எகானமி 15. மூணாவது: 4 ஓவர் 28 ரன், எகானமி 7.

ஸ்பின்னர்: 1 ஓவர் 5 ரன், எகானமி 5. அடுத்து 4 ஓவர் 44 ரன், எகானமி 11. மூணாவது: 1 ஓவர் 8 ரன், எகானமி 8.

முதல்ல மொத்த ரன்னைப் பார்த்தேன். பேசர் கொடுத்தது 67, ஸ்பின்னர் 57. அப்போ ஸ்பின்னர்தான் சிக்கனம். சரி, இன்னொரு தடவை செக் பண்ணலாம்னு எகானமி காலத்துல AVERAGE போட்டேன். பேசருக்கு 9.33, ஸ்பின்னருக்கு 8. ரெண்டு வழியும் ஒரே ஆளைக் காட்டுது. வேற என்ன வேணும்? ஸ்பின்னர் உள்ளே, பேசர் வெளியே.

பேசர் ஒண்ணுதான் கேட்டான்: "டேய், அந்த 15 ரன் ஒரே ஒரு ஓவர்தானேடா!" நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன். ஆனா அவன் சொன்னதுலதான் மொத்த விஷயமும் இருக்கு.

மொத்த ரன் ஏன் ஏமாத்துச்சு? பேசர் போட்டது 9 ஓவர், ஸ்பின்னர் போட்டது 6 ஓவர்தான். அதிகமா வேலை செஞ்சவன் அதிகமா ரன் கொடுத்த மாதிரி தெரியுறான். AVERAGE ஏன் ஏமாத்துச்சு? அது ஒரு ஓவர் ஸ்பெல்லுக்கும் நாலு ஓவர் ஸ்பெல்லுக்கும் ஒரே மதிப்பு கொடுக்குது. பேசரோட ஒரே ஒரு மோசமான ஓவர், அவனோட கணக்குல மூணுல ஒரு பங்கைப் பிடிச்சுக்குச்சு. ஸ்பின்னர் அடி வாங்கின 4 ஓவரும் அதே மூணுல ஒரு பங்காச் சுருங்கிடுச்சு.

சரியான வழி, ஒவ்வொரு எகானமியையும் அந்த மேட்ச்ல போட்ட ஓவரால பெருக்கிக் கூட்டி, மொத்த ஓவரால வகுக்குறது. இதுதான் எடையிட்ட சராசரி. பேசருக்கு:

```
(6×4 + 15×1 + 7×4) / 9 = 67/9 = 7.44
```

ஸ்பின்னருக்கு 57/6, அதாவது 9.5. ஓவருக்கு ரெண்டு ரன்னுக்கு மேல வித்தியாசம், அதுவும் நான் சொன்னதுக்கு நேர் எதிரா! கவனிச்சீங்கன்னா, பெருக்கிக் கூட்டினா திரும்ப மொத்த ரன்தான் வருது. அதனால எகானமி காலத்தைத் தொடவே வேணாம்; ரன்னைக் கூட்டுங்க, ஓவரைக் கூட்டுங்க, கடைசியில ஒரே ஒரு தடவை வகுங்க.

ஓவரைக் கூட்டும்போது இன்னொரு பொறி இருக்கு. ஸ்கோர்கார்டுல 3.4-னா மூணு ஓவரும் நாலு பந்தும், அதாவது 22 பந்து. 33 ரன் கொடுத்திருந்தா எகானமி சரியா 9. ஷீட்ல 33/3.4 போட்டா 9.71 வரும். அதனால முதல்ல பந்தா மாத்துங்க, ரன்னை பந்தால வகுத்து 6-ஆல பெருக்குங்க.

பேட்டிங்ல எடையே வேற. அங்க வகுக்குறது எத்தனை இன்னிங்ஸ்னு இல்ல, எத்தனை தடவை அவுட்னு. 1999 உலகக் கோப்பையில அதிக ரன் டிராவிட்: 461, சராசரி 65.85. குளூஸ்னர் 281 ரன்தான், ஆனா சராசரி 140.50, ஏன்னா அவுட் ஆனது 2 தடவைதான். அதுக்காக டிராவிடைவிட ரெண்டு மடங்கு பெரிய பேட்ஸ்மேன்னு அர்த்தம் இல்ல. கீழ இறங்கி ஆடுறவர் நாட் அவுட்டா நிக்க வாய்ப்பு அதிகம். வகுக்குற எண் 2-னா, இன்னும் ஒரு தடவை டக் அவுட் ஆகியிருந்தாலே 93.67-க்கு இறங்கியிருக்கும்.

என் 7.44-க்கும் எல்லை உண்டு. 9 ஓவர் ரொம்பச் சின்ன சாம்பிள். 20-வது ஓவர்ல கொடுத்த 15-ஐயும், நடு ஓவர்ல கொடுத்த 15-ஐயும் அது ஒண்ணாத்தான் பார்க்கும்.

ஃபைனல்ல தோத்தோம். பேசர் ஆடியிருந்தா ஜெயிச்சிருப்போம்னு சொல்ல என்கிட்ட கணக்கு இல்ல. ஆனா அவனை வெளியே வெச்சதுக்கு நான் சொன்ன காரணம் பொய்க் கணக்கு. மச்சான், இதைக் கேட்டுட்டு இருந்தா, சாரிடா. அது ஒரே ஒரு ஓவர்தான்.