ஓசூருக்குப் போற ஒரு நாளுக்கு எவ்வளவு கேக்கணும்?

இந்த எபிசோடுல ஒரே ஒரு கணக்கு. வீட்டுல இருந்து ஃப்ரீலான்ஸ் வேலை பார்க்கறவங்களை கிளையன்ட் "ஒரு நாள் ஆபீஸுக்கே வந்து முடிச்சுக் கொடுங்க"ன்னு கூப்பிட்டா, அந்த நாளுக்கு என்ன ரேட் சொல்றது?

நான் இருக்கறது காவேரிப்பட்டினம். கம்பெனிகளுக்கு ஸ்டாக், பில்லிங் சாஃப்ட்வேர் அமைச்சுக் கொடுக்கறேன். கிளையன்ட்ஸ் பெரும்பாலும் ஓசூர் சிப்காட் பக்கம். அதனால அந்த ரூட்டையே உதாரணமா எடுத்துக்கறேன். தொகைகள் எல்லாம் கணக்குக்காக வச்சுக்கிட்டது, உங்க எண்ணை நீங்க போட்டுக்கோங்க.

முதல்ல வீட்டு ரேட். மாசம் 60,000 கையில நிக்கணும். லேப்டாப், இன்டர்நெட், மெடிக்கல் இன்சூரன்ஸுக்கு 10,000. ஆக வருஷத்துக்கு 8,40,000. இதை 365-ஆல வகுக்கக் கூடாது. வார லீவு, பண்டிகை, காய்ச்சல் எல்லாம் போக 240 நாள் இருக்கும். அதுலயும் கொட்டேஷன் போடறது, பணம் கேட்டு போன் பண்றது, புதுசா கத்துக்கறதுன்னு மூணுல ஒரு பங்கு போயிடும். பில் போட முடியற நாள் 160 தான். 8,40,000-ஐ 160-ஆல வகுத்தா 5,250. மணிக்கு சுமார் 650.

இப்போ ஓசூர். காவேரிப்பட்டினத்துல பஸ் ஏறி, கிருஷ்ணகிரியில மாறி, ஓசூர் பஸ் ஸ்டாண்டுல இறங்கி, சிப்காட்டுக்கு ஆட்டோ. ஒரு பக்கம் 2 மணி நேரம்னு வைங்க. காலையில 7 மணிக்குக் கிளம்பி, 9 முதல் 5 வரை வேலை பார்த்து, வீடு திரும்ப 7. மொத்தம் 12 மணி நேரம். பஸ், ஆட்டோ, மதிய சாப்பாட்டுக்கு 500.

இதுக்கு அதே 5,250 வாங்கினா என்ன ஆகும்? செலவு போக 4,750. அதை 12-ஆல வகுங்க, மணிக்கு 400 கூட வரலை. வீட்டுல 650-க்கு விக்கிற அதே மணி நேரம்! ஆபீஸுக்கு நிறைய போன மாசத்துல உழைப்பு அதிகமா இருந்தும் அக்கவுன்ட் இளைச்சிருந்தா, காரணம் பெரும்பாலும் இதுதான்.

நான் போடற முறை இது. பயண நேரத்துக்குப் பாதி ரேட். பஸ்ல நான் அவங்க வேலையைச் செய்யலை, ஆனா வேற யார் வேலையையும் செய்ய முடியாது. அந்த இழப்பை ரெண்டு பேரும் பாதிப் பாதியா ஏத்துக்கறோம். 4 மணி நேரம், மணிக்கு 325, ஆக 1,300. கூட செலவு 500. மொத்தம் 7,050.

கொட்டேஷன்ல இதை மூணு வரியா பிரிச்சுக் காட்டறது இல்ல. பிரிச்சா ஒவ்வொரு வரியா பேரம் நடக்கும், "பஸ்ல சும்மாதானே உக்காந்து வர்றீங்க"ன்னு கேப்பாங்க. "ஓசூர் ஆபீஸ் வேலை, ஒரு நாள் 7,050, பயணம் உட்பட"ன்னு ஒரே வரி. கணக்கு என் நோட்டுல இருக்கும். இதுல ஒரு சின்ன இழப்பும் இருக்கு. டிடிஎஸ் பிடிக்கற கம்பெனின்னா பஸ் காசையும் சேர்த்து மொத்தத்துக்கும் பிடிப்பாங்க. ரிட்டர்ன் போடும்போது அது கணக்குக்கு வந்துடும், ஆனா அதுவரைக்கும் பணம் கையில இருக்காது.

அடுத்தது, "அரை நாள்தானே, பாதி கொடுக்கறோம்." பாதின்னா 3,525. ஆனா பஸ் பாதி வழியில திரும்பாதே! 500 செலவு அப்படியே, 4 மணி நேரப் பயணம் அப்படியே. மிச்சம் 3,025, மொத்த 8 மணி நேரத்துக்கு. திரும்பவும் மணிக்கு 400-க்குக் கீழ. அதனால நேர்ல வந்தா குறைஞ்சது ஒரு முழு நாள். ரெண்டு மணி நேர வேலைன்னா வீட்டுல இருந்தே ரிமோட்ல முடிச்சுடலாம்.

நேரம் எப்போ தொடங்குதுன்னும் முன்னாடியே எழுதிடுங்க. ஃபேக்டரி கேட்டுல பாஸ் போட்டு, லேப்டாப் சீரியல் நம்பரை ரெஜிஸ்டர்ல எழுதி, உள்ள போய் பாஸ்வேர்டு வாங்கறதுக்குள்ள ஒரு மணி நேரம் ஓடிடும். அதனால என் கொட்டேஷன்ல "கேட்டுக்கு வந்ததில் இருந்து 8 மணி நேரம்"னு இருக்கும்.

கடைசியா, இந்த 7,050 ஓசூர் வரைக்கும்தான். அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டின்னா வேற கணக்கு. கார்ல போனா கிருஷ்ணகிரி டோலோட அத்திப்பள்ளி டோலும் சேரும். அதைவிட முக்கியம், அங்க காலை டிராஃபிக்ல நேரம் நம்ம கையில இல்ல. மேப்ல ஞாயித்துக்கிழமை ராத்திரி பார்த்த நேரத்தை வச்சு ரேட் சொல்லாதீங்க, திங்கக்கிழமை காலை 7 மணிக்குப் பாருங்க. பயணம் 6 மணி நேரம்னு வந்தா, அதுக்கு மட்டும் 1,950. அப்போ தினம் போய் வர்றதா, அங்கயே லாட்ஜ்ல தங்கறதான்னு கணக்குப் போட்டுப் பார்த்துட்டு ரேட் சொல்லுங்க.