வறியவர் நாட்டுக்கு வாக்குரிமை: மலையகம் சொல்லும் சாட்சி
(அட்டனில் நிகழ்ந்த விவாத அரங்கில், பிரேரணையை ஆதரித்து ஆற்றப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவு)



ஜனநாயகம் செல்வ நாடுகளுக்குப் போலவே வறிய நாடுகளுக்கும் உகந்தது என்பது இன்றைய பிரேரணை. இதனை மறுத்துப் பேசிய நண்பர், பசித்தவனுக்கு முதலில் சோறு, பின்னர் வாக்கு என்றார். எழுத்தறியாதவன் கையில் கொடுத்த வாக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு விலைபோகும் என்றும் சொன்னார். இந்த ஆட்சேபணைகளை நான் இலேசாகத் தள்ளிவிடப் போவதில்லை. ஆயினும் இவற்றைச் சோதித்துப் பார்ப்பதற்கு நாம் வெளித்தேசம் எதற்கும் போக வேண்டியதில்லை; வறுமை மாறாதிருக்கும்போதே வாக்கைப் பெற்று, பெற்றதை இழந்து, இழந்ததை மீண்டும் அடைந்த ஒரு ஜனசமூகம் இந்த மண்டபத்தைச் சுற்றியுள்ள மலைகளிலேயே வாழ்கின்றது.

1927ஆம் ஆண்டின் இறுதியில் டொனமூர் ஆணைக்குழுவினர் கொழும்பில் வந்திறங்கியபோது, சர்வஜன வாக்குரிமையைக் கேட்டு நின்றவர்கள் குணசிங்காவின் தொழிற்சங்கத்தாரைப் போன்ற மிகச் சிலரே. படித்த கனவான்களிற் பெரும்பாலோர், சிங்களவரும் தமிழரும் பேதமின்றி, பாமரர் கையில் இராச்சியத்தை ஒப்படைக்கலாகாது என்றே வாதித்தனர். ஆணைக்குழு அந்த வாதத்தை ஏற்கவில்லை. பிரித்தானியாவிலேயே பெண்களுக்கு ஆண்களோடு சமமான வாக்கு கிடைத்து மூன்றே ஆண்டுகள் கழிந்திருந்த 1931இல், செல்வமும் கல்வியும் குறைந்த இந்தத் தீவிலே வயதுவந்த ஆணும் பெண்ணும் வாக்களித்தனர். எழுத்தறியாமை என்ற தடைக்கு அன்று கண்ட பரிகாரம் மிக எளியது: வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் கொடுத்து, அந்த நிறம் பூசிய பெட்டியையும் வைத்தார்கள். கொழுந்தின் தரத்தைக் கண்ணாற் பார்த்தே தெரிந்துகொள்ளும் பெண்ணுக்குச் சிவப்புப் பெட்டிக்கும் பச்சைப் பெட்டிக்கும் வேற்றுமை காண்பது கடினமாயிருக்கவில்லை.

தோட்டத் தொழிலாளருக்கு அந்த உரிமை முழுதாகக் கிடைத்துவிடவில்லை. இந்நாட்டிலே நிரந்தரமாய் வாழ்பவர் என்று நாட்டவேண்டிய நிபந்தனை அவர்களுக்கு இருந்தது. அப்படியிருந்தும், கூடைக்காரரும் கவ்வாத்துக்காரரும் மிகுந்த அட்டன் தொகுதிக்கு அந்த ஆண்டிலேயே போட்டியின்றித் தெரிவான பெரி. சுந்தரம், தொழில் அமைச்சராகவும் அமர்ந்தார். 1935இல் தொழிற்சங்கச் சட்டமும் 1939இல் பிரசவ சகாயச் சட்டமும் அந்த வாக்கினால் தெரிவான அரசாங்க சபையின் காலத்திலேயே வந்தன. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் நுவரெலியாவிலிருந்து தொண்டமானும், தலவாக்கலையிலிருந்து கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும், நாவலப்பிட்டியிலிருந்து இராஜலிங்கமும் உள்ளிட்ட இலங்கை இந்தியன் காங்கிரசார் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். ஏனைய பல தொகுதிகளிலும் தோட்ட மக்களின் வாக்கு இடதுசாரிகளுக்கு வலுவூட்டியது.

இங்கே ஒரு கேள்வியை நண்பரிடம் கேட்க விரும்புகின்றேன். ஏழையின் வாக்கு விலைபோகும் வாக்கென்றால், அதனை வாங்குவதற்குப் பணம் படைத்தவர்கள் அதைப் பறிப்பதற்கு ஏன் அத்தனை அவசரம் காட்டினர்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், பரம்பரையை ஆதாரமாகக் கேட்டு இம்மக்களை வெளியே நிறுத்தியது. 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜையல்லாதாரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. இடையிலே வந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் பதிவு மூலம் பிரஜையாகலாம் என்று ஒரு வாசலைத் திறந்ததேனும், அந்த வாசலின் அகலத்தை நாம் அளந்து பார்க்க வேண்டும். மணமானவர் 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் ஏழு ஆண்டுகளும், மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இடையறாது இங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டும். விண்ணப்பிக்க இரண்டே ஆண்டு தவணை. லயக் காம்பராவிலே பிறந்து பிறப்புப் பதிவின்றி வளர்ந்தவனும், தோட்டம் விட்டுத் தோட்டம் மாறியபோது கங்காணியின் துண்டையே சாட்சியாக வைத்திருந்தவனும், தாயின் ஈமக்கடனுக்காகத் திருச்சிச் சீமைக்குப் போய் ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டவனும் இதை எப்படி நிரூபிப்பர்? எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயரால் விண்ணப்பங்கள் போயின; அங்கீகாரம் பெற்றோர் ஏறத்தாழ ஒரு இலட்சத்து முப்பத்து நாலாயிரம் பேரே. 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே அந்த எழுவரின் ஸ்தாபனத்திலிருந்து ஒருவரேனும் சபைக்குச் செல்லவில்லை.

வாக்கிழந்த பின்னர் நேர்ந்தது யாது? 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியோடு கிராமங்களிலே மத்திய கல்லூரிகளும் வளர்ந்தன. தோட்டத்துப் பிள்ளைகளோ, அரசாங்கம் எழுபதுகளில் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கும் வரை, ஒரே அறையில் ஒரே ஆசிரியரிடம் அரைகுறையாய்ப் படித்துவிட்டுக் கொழுந்தெடுக்கப் போயினர். கிராமத்தானின் வாக்கை நாடிய அரசியல்வாதி அவன் பிள்ளைக்குப் பள்ளி கட்டினான். வாக்கில்லாதவன் வாசலுக்கு அவன் வர நியாயமில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமோ, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று, அந்த மனிதர்களை ஒரு வார்த்தை கேளாமலே பங்கிட்டது.

1973இலும் 1974இலும் உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறியபோது அரிசிப் பங்கீடு குறைந்தது. மாவின் விலையும் உயர்ந்தது. கிராமத்தானுக்கு ஒரு பலாமரமும் கொல்லையில் மரவள்ளியும் இருந்தன. தோட்டத்தானுக்கோ மாவு ரொட்டியைத் தவிர வேறு ஆகாரமில்லை; வேலை நாட்களும் குறைந்தன. அவ்வாண்டுகளில் தோட்டங்களின் மரண விகிதம் நாட்டின் சராசரியை வெகுதூரம் மிஞ்சியது. ஜனநாயகம் சரியாக நடைபெறும் நாட்டில் பெரும் பஞ்சம் ஏற்படுவதில்லை என்று பொருளியலறிஞர் அமர்த்தியா சென் கூறினார். இங்கோ, தேர்தல் நடக்கும் நாட்டுக்குள்ளேயே, தேர்தலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களைத் தேடிப் பசி வந்தது. சோறு முதலில், வாக்கு பின்னர் என்று வாதிப்பவர், வாக்கற்ற இம்மக்களுக்குச் சோறும் அற்றுப்போனதற்கு விடை கூற வேண்டும்.

ஆட்சேபணையின் மற்றொரு முனை கூரியது. இவர்களின் உரிமையைப் பறித்ததும் ஒரு பாராளுமன்றத்தின் பெரும்பான்மைதானே என்பர். உண்மை, அந்த அநீதியின் பழியை ஜனநாயகத்திலிருந்து நான் துடைக்கப் போவதில்லை. பெரும்பான்மையின் எண்ணிக்கை மாத்திரம் ஜனநாயகமாகாது என்பதற்கு 1948ஐவிடப் பெரிய உதாரணம் நம்மிடம் இல்லை. ஆயினும் அந்த அநீதி திருத்தப்பட்டதும் அதே சபையிலேதான். பதிவுப் பிரஜைகள் மெல்ல மெல்லப் பெருகவே, 1977இல் நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியின் மூன்று உறுப்பினர்களில் ஒருவராகத் தொண்டமான் மீண்டும் வந்தார். மறு ஆண்டில் அமைச்சரானார். 1984இல் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது சம்பள உயர்வு கிடைத்தது. ஆணும் பெண்ணும் சமச் சம்பளம் பெற்றனர். நூறாண்டுக்கு மேலாய்க் கொழுந்தெடுத்த பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த நாட்கூலி என்ற வழக்கம் அப்போதுதான் ஒழிந்தது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் பிரஜாவுரிமை வழங்கின.

இவையெல்லாம் வாக்கினால் மட்டும் வந்தவை என்று நான் சொல்லவில்லை. சங்கங்களின் சந்தாவும், பெரட்டுக் களத்தில் கூடைகளைக் கீழே வைத்துவிட்டு நின்றவர்களின் பட்டினியும் அவற்றுள் உண்டு. குறைகளும் தீரவில்லை. லயங்கள் நிற்கின்றன. தலைவர் காட்டிய சின்னத்துக்கே தோட்டம் முழுவதும் புள்ளடியிடும் வழக்கமும் முற்றாக மறையவில்லை. பிரதேச சபைகள் தோட்டத்துப் பாதைக்குக் கல் போடுவதற்கே 1987ஆம் ஆண்டுச் சட்டம் இடையூறாயிருந்தது. அதனைத் திருத்த 2018 வரை செல்ல நேர்ந்தது. ஆனால் திருத்தச் சொல்லிக் கேட்பதற்கு ஒரு சபையும், கேட்பவருக்குச் செவிசாய்க்க ஒரு காரணமும் இருந்தன. 1952இல் அந்தக் காரணம் இல்லை.

ஆதலின், பிரேரணையை ஆதரித்து உங்கள் கைகளை உயர்த்துமாறு வேண்டுகின்றேன். மற்றொரு வேண்டுகோளும் உண்டு. வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகின்றது. அந்தப் படிவம் உங்கள் லயத்துக்கு வரும்போது, பதினெட்டு வயது நிரம்பிய மகளின் பெயரையும், கொழும்பில் கடையிலே வேலை செய்யும் மகனின் பெயரையும் விட்டுவிடாது எழுதி, கிராம உத்தியோகத்தரிடம் உங்கள் கையாலேயே கொடுங்கள்.